"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்": மனப்பாடமா, குறிப்புச் சொற்களா, ஒரு சம்பவமா?

முதல் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு ஓரளவு தெரிந்தே இருக்கிறது. எப்படித் தயாராவது என்பதில்தான் தவிப்பு. முழுசாக எழுதி மனப்பாடம் செய்துவிடலாமா? நாலைந்து சொற்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசலாமா? அல்லது நாம் செய்த ஒரு வேலையைக் கதையாகச் சொல்லி ஆரம்பிக்கலாமா? மூன்றுக்கும் ஆதரவாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் குழப்பம் கூடுகிறது.

புதியவர்களை நேர்காணல் செய்யும் பக்கத்தில் நான் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன், என் முதல் இன்டர்வியூவில் எழுதி வைத்து மனப்பாடம் செய்த பதிலின் ஐந்தாவது வரியில் நின்றுபோய், மறுபடி "வணக்கம்" என்று முதலிலிருந்து தொடங்கியவனும் நான்தான். அந்த அறையில் வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் இந்த மூன்று வழிகளையும் ஒன்றோடொன்று வைத்து நிதானமாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

இந்தக் கேள்வி பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. அதாவது இதயம் அதிகமாக அடித்துக்கொள்ளும் நேரத்தில் வருகிறது. வாய் உலர்ந்திருக்கும், மூச்சு மேலோட்டமாக ஓடும், பேச்சு தானாக வேகமெடுக்கும். ஆகவே வீட்டில் கண்ணாடி முன் எது அழகாக வருகிறது என்பது அளவுகோலே இல்லை. நான் பார்ப்பது நாலு விஷயம்.

முதலாவது, நடுவில் மறந்துபோனால் அந்த வழி நம்மைத் தூக்கிவிடுமா, கீழே தள்ளுமா? இரண்டாவது, கேள்வி வேறு உருவில் வந்தால் தாங்குமா? "ரெஸ்யூமேயில் இல்லாத எதையாவது சொல்லுங்க", "அரை நிமிஷத்துல சொல்லுங்க" என்றெல்லாம் கேட்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு கேள்வியும் போடுவார்கள். மூன்றாவது, பதில் முடிந்ததும் அடுத்த கேள்வி எங்கே போகும்? நமக்குத் தெரிந்த இடத்துக்குப் போனால் மீதி இன்டர்வியூ இலகுவாகிவிடும். நாலாவது, தயாராக எத்தனை நாள் இருக்கிறது?

நேரத்தைப் பொறுத்தவரை எந்த வழிக்கும் ஒரே வரம்புதான்: ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை. நிதானமாகப் பேசினால் அதற்குள் பத்து அல்லது பன்னிரண்டு சின்ன வாக்கியங்கள்தான் அடங்கும். கைபேசியில் நேரம் வைத்துப் பேசிப் பார்த்தால், நாம் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் இதைவிட இரண்டு மடங்கு இருக்கும்.

| | முழு மனப்பாடம் | குறிப்புச் சொற்கள் | சம்பவத்தில் தொடங்குவது |
|---|---|---|---|
| மறந்தால் | முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் | அடுத்த சொல்லுக்குத் தாவலாம் | கதையின் வரிசையே நினைவூட்டும் |
| குறுக்கே கேட்டால் | அறுந்துவிடும் | பதில் சொல்லிவிட்டுத் தொடரலாம் | கதை பாதியில் நின்றுபோகலாம் |
| அடுத்த கேள்வி | எங்கே வேண்டுமானாலும் | பெரும்பாலும் நாம் வைத்த சொல்லில் | நிச்சயம் அந்தச் சம்பவத்தில் |
| தயாரிப்பு | ஓரிரு நாள் | நாலைந்து நாள், தினம் அரை மணி | சம்பவம் கிடைத்தால் இரண்டு நாள் |
| மறைவான செலவு | தட்டையான குரல், ஓடும் பேச்சு | முடிக்கத் தெரியாமல் இழுப்பது | ஆழமான கேள்விகள் |

## முழு மனப்பாடம்

இதை வேண்டாம் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பயந்த பிள்ளைக்கு எழுதி வைத்த தாள் ஒரு பிடிமானம். தாய்மொழி அல்லாத மொழியில் பேச வேண்டியிருந்தால் இந்தப் பிடிமானம் இன்னும் பெரிது. இலக்கணம் சரியாக இருக்கிறது, சொல் தேட வேண்டியதில்லை என்ற நிம்மதி கிடைக்கும்.

சிக்கல் மனப்பாடம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை படித்தது சங்கிலி மாதிரி. ஒவ்வொரு வார்த்தையையும் அதற்கு முந்தைய வார்த்தைதான் இழுத்துக்கொண்டு வரும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தது வராது, அதற்கடுத்ததும் வராது. பாட்டின் நடுவரியைத் தனியாகக் கேட்டால் சொல்ல முடியாமல் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வருவோமே, அதே கதைதான். பதற்றத்தில் நினைவு கொஞ்சம் தடுமாறும் என்பது உறுதி. அந்தத் தடுமாற்றத்தைத் தாங்காத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போகிறோம்.

மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இது தெளிவாகத் தெரியும். கண் மேலே போகும் அல்லது ஓர் இடத்தில் நிலைகுத்தும். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே கோட்டில் ஓடும். வாக்கியங்களுக்கு நடுவே மூச்சு இருக்காது, மறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். நாம் பொய் சொல்கிறோம் என்று கேட்பவர் நினைக்க மாட்டார், ஆனால் கவனிப்பதை நிறுத்திவிட்டு ரெஸ்யூமேயைப் புரட்டத் தொடங்கிவிடுவார். பேசுகிறவர் அதைப் பார்த்து இன்னும் பதறுவார்.

உங்கள் மனப்பாடம் சங்கிலியா இல்லையா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, மூன்றாவது வாக்கியத்தில் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கேள்வியானாலும் சரி. பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து உங்களால் தொடர முடிகிறதா? முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தால் அது சங்கிலிதான், அறையில் அறுந்துபோகும்.

மனப்பாடம் உண்மையிலேயே சிறந்த வழியாக இருக்கும் இடம் ஒன்று இருக்கிறது: எதிரே ஆளில்லாமல், திரையில் கேள்வி வந்து, கேமரா முன் பதிலைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லும் நேர்காணல். அங்கே குறுக்கே பேச யாரும் இல்லை, நேர வரம்பும் கறாராக இருக்கும். அங்கே எழுதி மனப்பாடம் செய்து பேசுவதில் தவறில்லை. ஆனால் திரையில் தாளை ஒட்டி வைத்து வாசிக்க வேண்டாம். கண் இடமிருந்து வலம் ஓடுவது பதிவில் அப்படியே தெரியும்.

## குறிப்புச் சொற்கள்

நாலு சொற்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் ஒரு கொக்கி, அதில் இரண்டு மூன்று வாக்கியங்களை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி வரும், வரட்டும். ஐந்தாவது கொக்கி சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் நேரம் மீறும், எது முக்கியம் என்று கேட்பவருக்கும் தெரியாமல் போகும்.

இந்த வழியின் பலம் மறக்கும்போதுதான் தெரிகிறது. ஒரு சொல் கைக்கு வரவில்லையா, அதைத் தேடிக்கொண்டு நிற்காமல் அடுத்த கொக்கிக்குப் போய்விடலாம். விட்டது விட்டதாகக் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது, அவர் கையில் உங்கள் பட்டியல் இல்லையே. "அரை நிமிஷத்துல சொல்லுங்க" என்றால் கொக்கிக்கு ஒரு வாக்கியம் வீதம் சொல்லி முடிக்கலாம்.

இதற்கும் மறைவான செலவு இருக்கிறது. முதல் இரண்டு நாள் பயிற்சி கேட்கவே சகிக்காது. "வந்து... அதாவது..." என்று இழுக்கும். எழுதிப் படிப்பது முதல் நாளே சீராக வருவதால், பலர் இந்தக் கட்டத்தில் மனம் தளர்ந்து மனப்பாடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். நாலாவது நாள் வரை பொறுத்துக்கொண்டால் வாக்கியங்கள் தாமாக இறுகும். இன்னொரு செலவு, முடிவு. வார்த்தைகள் திட்டமிடப்படாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், "அப்புறம்... அவ்வளவுதான் சார்" என்று சுருதி இறங்கி முடிப்பார்கள். நன்றாகப் பேசிய பதிலைக்கூட அந்தக் கடைசி வார்த்தை நனைத்துவிடும்.

ஆகவே நான் சொல்லிக் கொடுப்பது ஒரு கலவை: முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம், நடுவில் கொக்கிகள். பதற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் முதல் வாக்கியம் தானாக வாயில் வரும். அது சின்னதாக இருக்க வேண்டும், ஒரே மூச்சில் முடிய வேண்டும். கடைசி வாக்கியம் கதவை மூடுகிற வேலையைச் செய்யும்.

## ஒரு சம்பவத்தில் தொடங்குவது

நேரடியாக ஒரு வேலைக்குள் போய்விடுவது இது. "போன வருடம் எங்கள் துறை விழாவின் கணக்கு என்னிடம் இருந்தது. கடைசி நாள் 270 இடித்தது..." என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். நடந்ததைச் சொல்வதால் மறதி குறைவு, எது முதலில், எது பிறகு என்பது ஏற்கனவே மனதில் இருக்கிறது. குரலும் இயல்பாக இருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் எல்லாம் அந்தச் சம்பவத்தின் மேல்தான் விழும். மூன்று அடுக்குக் கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்: என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய், வேறு எப்படிச் செய்திருக்கலாம். குழுவாகச் செய்த வேலையில் தோழி செய்த பகுதியைத் தன்னுடையதாகச் சொன்னால் இரண்டாவது அடுக்கிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, முதல் சுற்றில் மனிதவளத் துறை ஆள் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கலாம். படிப்பு என்ன, எந்த வருடம் முடித்தது என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் கதை சொன்னால் அவர் திணறுவார்.

மதிப்பெண் குறைவாக இருப்பவர்களுக்கும், படித்தது ஒன்று விண்ணப்பிப்பது வேறொன்று என்று இருப்பவர்களுக்கும், நடுவில் ஒரு வருடம் விட்டுப்போனவர்களுக்கும் இது உண்மையான உதவி. படிப்பிலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு முதல் கேள்வியே அந்தக் குறையைப் பற்றியதாக வரும். செய்த வேலையிலிருந்து தொடங்கினால், குறையைப் பற்றிய கேள்வி வருவதற்குள் ஒரு நல்ல அபிப்பிராயம் விழுந்திருக்கும்.

தயாரே ஆகாமல் போய் "மனதில் வருவதைச் சொல்வேன்" என்பது நாலாவது வழி. முதல் வேலைக்குப் போகிறவர்களில் அது பலித்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் குடும்ப விவரத்தில் தொடங்கி பொழுதுபோக்கில் முடியும்.

## ஒரு பதில் உருவான விதம்

என் அக்கா மகள் வணிகவியல் முடித்துவிட்டு, கணக்கு உதவியாளர் வேலைக்கு முதல் இன்டர்வியூவுக்குத் தயாரானாள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். "மாமா, எத்தனை தடவை படிச்சாலும் ஒரே இடத்துல நின்னுடுறேன்" என்று அழாத குறையாகச் சொன்னாள். பார்த்தால், அவள் நிற்கும் இடம் "எனது இலக்கை நோக்கிய பயணத்தில் அர்ப்பணிப்புடன்" என்ற வரி. அவள் வாழ்க்கையில் ஒருநாளும் பேசாத வார்த்தைகள். நாக்கு அங்கே நிற்காமல் வேறெங்கே நிற்கும்?

தாளை மூடி வைத்துவிட்டு, "காலேஜ்ல கணக்கு சம்பந்தமா நீயா ஏதாவது செஞ்சியா?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த 270 வெளியே வந்தது. துறை விழாவின் வரவு செலவை அவள்தான் எழுதினாள். ரசீதுகளின் கூட்டலுக்கும் பதிவேட்டுக்கும் 270 வித்தியாசம். 270-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தாள், மீதியில்லாமல் வகுபட்டது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த பழைய சூட்சுமம். அப்படிப்பட்ட பிழையை மட்டும் தேடினாள். 1,740 என்ற ரசீது பதிவேட்டில் 1,470 என்று ஏறியிருந்தது. எழுதியது அவளேதான்.

"இதையா சொல்லச் சொல்றீங்க? என் தப்பு ஆச்சே மாமா" என்றாள். தப்பைச் செய்ததும், அதைத் தானே தேடிப் பிடித்ததும்தான் அந்த வேலைக்குத் தேவையானது என்று புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுடைய நாலு கொக்கிகள்: படிப்பு, 270, எக்செல், இந்த வேலை. உள்ளங்கை அளவு அட்டையில் அந்த நாலு சொற்களை மட்டும் எழுதினாள். ஐந்து நாள், தினம் ஐந்து தடவை கைபேசியில் பதிவு செய்து கேட்டாள். கடைசியில் வந்தது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். நான் இந்த வருடம் வணிகவியல் முடித்தேன். பாடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது கணக்குப் பதிவு. எங்கள் துறை விழாவின் வரவு செலவை நான்தான் எழுதினேன். முடிவில் ரசீதுக்கும் பதிவேட்டுக்கும் 270 வித்தியாசம் வந்தது. அது ஒன்பதால் வகுபட்டதால், இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று தேடினேன். 1,740-ஐ 1,470 என்று எழுதியிருந்தேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றி, கூட்டலை இரண்டு வழியில் சரிபார்க்கப் பழகினேன். உங்கள் அறிவிப்பில் தினசரி பில்களைச் சரிபார்ப்பதுதான் முதல் பொறுப்பு என்று இருந்தது. அந்த வேலையைச் செய்ய விரும்பித்தான் விண்ணப்பித்தேன்."

சின்னச் சின்ன வாக்கியங்கள், எல்லாம் ஒரே மூச்சுக்குள் அடங்குபவை. இதில் முதல் இரண்டும் கடைசி ஒன்றும் மட்டும்தான் அவள் மனப்பாடம் செய்தவை. நடுவில் ஒரு சம்பவமும் இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது கொக்கியாக உட்கார்ந்திருக்கிறது. படிவம் நிரப்புகிறவருக்கு வேண்டியது முன்னாலேயே கிடைத்துவிடுகிறது, கணக்குத் துறை ஆளுக்கு வேண்டியதும் இருபது விநாடிக்குள் வந்துவிடுகிறது.

## எந்தச் சூழ்நிலைக்கு எது

இன்டர்வியூவுக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தால், எதிரே ஆள் உட்காரும் எந்த நேர்காணலுக்கும் கொக்கிகள்தான் என் தேர்வு, முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மனப்பாடத்தோடு. தொலைபேசி நேர்காணல் என்றால் இது இன்னும் எளிது. அட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம், எழுந்து நின்று பேசினால் மூச்சும் தாராளமாக இருக்கும்.

நாளைக் காலையே இன்டர்வியூ என்றால் கொக்கிகள் இறுக நேரம் இல்லை. ஐந்தே ஐந்து சின்ன வாக்கியங்களை எழுதி, அவற்றை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். ஐந்து வாக்கியத்தில் சங்கிலி அறுந்தாலும் இழப்பு சின்னது. பேச்சு மொழியே சரளமில்லாதவர்களுக்கும் இதுதான்: குறுகிய மனப்பாடம், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகவும் சொல்லிப் பழக வேண்டும். மூன்றாவதிலிருந்து தொடங்கு, ஐந்தாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போ என்று கலைத்துப் போட்டுப் பயிற்சி செய்தால் சங்கிலி கொக்கிகளாக மாறத் தொடங்கும்.

அந்தத் துறையில் வேலை செய்கிறவரே நேர்காணல் செய்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்தால், உங்களிடம் மூன்று அடுக்குத் தாங்கும் சம்பவமும் இருந்தால், அதிலேயே தொடங்கலாம்.

## அந்த முதல் பத்து விநாடி

எந்த வழியை எடுத்தாலும் பதற்றம் வரத்தான் செய்யும். அது வரும் நிலையிலேயே பயிற்சி செய்திருந்தால் அறையில் புதிதாகத் தோன்றாது. மாடிப்படியில் இரண்டு முறை வேகமாக ஏறி இறங்கிவிட்டு, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே பதிலைச் சொல்லிப் பாருங்கள். எந்த வாக்கியம் மூச்சுக்குள் அடங்கவில்லை என்று உடனே தெரியும். அதை இரண்டாக உடைத்துவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் "அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று தன்னையே அதட்டிக்கொள்வது அவ்வளவாக உதவுவதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன் "நான் உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசியதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள். படபடப்பும் உற்சாகமும் உடம்பில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயரை மாற்றிக்கொள்வது அதை அடக்குவதைவிட எளிது.

கேள்வி வந்ததும் உடனே பேச வேண்டியதில்லை. மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினால்தான் குரல் நடுங்கும். இரண்டு விநாடி மௌனம் உங்களுக்குத்தான் யுகமாகத் தெரியும், நீங்கள் யோசிக்கிறீர்கள் என்றே எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்வார். அப்புறம் அந்த மனப்பாட வாக்கியம்.

நடுவில் வெறுமையாகிவிட்டால், "ஒரு நிமிஷம், இதைச் சரியாகச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொக்கிக்குப் போங்கள். போன வார்த்தையைத் துரத்த வேண்டாம். இந்த வரியையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது தேடாமல் வர வேண்டும்.

கடைசி வாக்கியம் முடிந்ததும் வாயை மூடிக்கொள்வதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. எதிரே இருப்பவர் ஏதோ எழுதிக்கொண்டிருப்பார், நாலைந்து விநாடி யாரும் பேச மாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்ப "அப்புறம் எனக்கு..." என்று தொடங்கினால் தயாரிக்காத பேச்சு வெளியே வரும். அக்கா மகள் அந்த நேரத்தில் மேஜையின் கீழே விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாளாம். நாலாவது விரலில் எதிரே இருந்த அம்மா நிமிர்ந்து, "ஒன்பதால ஏன் வகுத்துப் பார்த்தீங்க?" என்று கேட்டாராம்.